‘ஃபீஸ் கிடையாது’ என்ற போர்டும் 2 சதவீதமும்: ஊருக்குப் பணம் அனுப்பும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெளிநாட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பணம் வருகிறதென்றால், அனுப்புகிறவர் கட்டும் ஃபீஸ் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரேட்டில் எவ்வளவு போகிறது என்று பெரும்பாலும் தெரிந்திருக்காது. ரசீதில் ஃபீஸுக்கென்று ஒரு வரி இருக்கும். ரேட்டில் பிடித்துக்கொண்டதற்கு அப்படி ஒரு வரி இருக்காது. ஆனால் அதிகம் போவது பல நேரங்களில் அங்கேதான்.

அந்தக் கணக்கை என் சித்தி மகன் ஒரு கடிதத்தில் போட்டுக் காட்டியிருக்கிறான். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் சித்திக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறான். எழுதியதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். உங்களுக்கு வேண்டிய பகுதியை அவன் வார்த்தையிலேயே தருகிறேன். ரேட் எல்லாம் அவன் பார்த்த நேரத்தில் இருந்தது. நீங்கள் பார்க்கும்போது வேறாக இருக்கும். கணக்குப் போடும் விதம் மாறாது.

“அக்கா, இந்த மாசம் அம்மாவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல விலை கேட்டேன். ஒண்ணு தேக்காவுல நான் எப்பவும் போற கடை. வாசல்லயே ‘ஃபீஸ் கிடையாது’ன்னு போர்டு வச்சிருப்பாங்க. இன்னொண்ணு கூட வேலை பார்க்கிற தம்பி காட்டின ஆப். அதுல 5 வெள்ளி ஃபீஸ். இவ்வளவு நாளா ஃபீஸ் இல்லாத கடையை விட்டுட்டு எதுக்கு அஞ்சு வெள்ளியைத் தூக்கிக் கொடுக்கணும்னு ஆப் பக்கமே போகலை.

“இந்தத் தடவை கடை வாசல்ல நின்னுக்கிட்டே மூணையும் பார்த்தேன். கூகுள்ல ஒரு வெள்ளி 65 ரூபாய். கடையில 63.70. ஆப்ல 64.87. என் கையில இருந்தது 500 வெள்ளி. கூகுள் ரேட்டுல அதோட மதிப்பு 32,500 ரூபாய். இதை மட்டும் ஒரு பேப்பர்ல மேல எழுதி வச்சுக்கிட்டேன்.

“கடையில 500-ம் அப்படியே மாறுது. 500 தடவை 63.70, மொத்தம் 31,850 ரூபாய். மேல எழுதினதுல 650 ரூபாய் குறையுது. 32,500-ல 650-ன்னா 2 சதவீதம். ஃபீஸ் இல்லாத கடையில எனக்கு ஆன செலவு அது.

“ஆப்ல 5 வெள்ளி போக 495 மாறுது. 64.87-ஆல பெருக்கினா 32,110 ரூபாய் 65 காசு. குறையிறது 389 ரூபாய். அதாவது 1.2 சதவீதம். ஃபீஸ் கட்டியும் அம்மாவுக்கு 260 ரூபாய் கூட விழுது. மாசாமாசம் அனுப்பினா வருஷத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல.

“உடனே எல்லாரையும் ஆப்புக்கு மாறச் சொல்லிடாதீங்க. அம்மாவுக்கு மருந்து வாங்க நடுவுல 200 வெள்ளி அனுப்புவேன்ல, அதுக்கும் போட்டுப் பார்த்தேன். 200-க்குக் கடையில 12,740. ஆப்ல 12,649. இங்க கடைதான் மேல! 200-ல 5 வெள்ளின்னா ஃபீஸே ரெண்டரை சதவீதம் ஆயிடுது. ரெண்டும் சமமா வர்ற இடம் எதுன்னு தேடினேன். 277 வெள்ளி. அதுக்குக் கீழ அனுப்பினா கடை, மேல அனுப்பினா ஆப்.”

கடிதத்தின் கடைசியில் ஒரு சின்ன அட்டவணை போட்டிருந்தான்.

| அனுப்பும் தொகை | கடை (ஃபீஸ் இல்லை, ரேட் 63.70) | ஆப் (ஃபீஸ் 5 வெள்ளி, ரேட் 64.87) |
|---|---|---|
| 200 வெள்ளி | 2% | 2.7% |
| 277 வெள்ளி | 2% | 2% |
| 500 வெள்ளி | 2% | 1.2% |
| 2,000 வெள்ளி | 2% | 0.45% |

கடைப் பக்கத்தில் சதவீதம் அசையவே இல்லை. எவ்வளவு அனுப்பினாலும் நூறில் இரண்டு போகிறது. ஆப் பக்கத்தில் தொகை ஏற ஏறச் செலவு இறங்குகிறது. அதனால் ‘எந்தக் கம்பெனி மலிவு?’ என்று யாராவது கேட்டால், ‘எவ்வளவு அனுப்பப்போகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது.

இந்தக் கணக்கு சிங்கப்பூருக்கு மட்டுமானதில்லை. உலக வங்கி நாடு நாடாகப் பணம் அனுப்பும் செலவை அளந்து வெளியிடுகிறது. ஃபீஸையும் ரேட்டில் பிடிக்கும் மார்ஜினையும் கூட்டித்தான் அதுவும் சதவீதம் சொல்கிறது. 2030-க்குள் இந்தச் செலவு 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. உங்கள் வீட்டுச் சதவீதம் அதற்கு மேலேயா கீழேயா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம்.

செய்ய வேண்டியவை

1. “நான் மொத்தம் இவ்வளவு கட்டுகிறேன், ஊரில் எத்தனை ரூபாய் விழும்?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஃபீஸ் எவ்வளவு, ரேட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால் எது நன்றாக இருக்கிறதோ அதை முன்னால் சொல்வார்கள். விழும் ரூபாயைக் கேட்டால் இரண்டும் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும். கட்டும் தொகை ஃபீஸையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். சில இடங்களில் 500 அனுப்ப 505 கேட்பார்கள். சில இடங்களில் 500 வாங்கிக்கொண்டு 495-ஐ மாற்றுவார்கள். முதல் வகையில் நீங்கள் கட்டிய தொகையாக வைக்க வேண்டியது 505. இதைக் கவனிக்காவிட்டால் ஒப்பிடுவதே தப்பாகிவிடும்.

2. ஒரே தொகைக்கு, ஒரே நேரத்தில், இரண்டு இடத்தில் விலை பாருங்கள்.

ரேட் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கிறது. காலையில் கடையில் கேட்டதையும் சாயங்காலம் ஆப்பில் பார்த்ததையும் பக்கத்தில் வைத்தால், நீங்கள் அளப்பது சந்தை அசைந்ததைத்தான், கடையையும் ஆப்பையும் அல்ல. பழைய ரசீதைச் சோதிக்க வேண்டுமானாலும் அதில் அச்சான நேரத்துக்கு இருந்த கூகுள் ரேட்டைத் தேடுங்கள். சிங்கப்பூர் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ரசீதில் பகல் 12 மணி என்றிருந்தால் நமக்கு அது காலை 9.30.

3. விழுந்த ரூபாயைச் சதவீதமாக மாற்றி எழுதி வையுங்கள்.

ரூபாயாகவே வைத்திருந்தால் இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிட முடியாது. தொகையும் மாறியிருக்கும், ரேட்டும் மாறியிருக்கும். போன் கால்குலேட்டரே போதும்:

```
மதிப்பு   = கட்டிய மொத்த வெள்ளி × கூகுள் ரேட்
குறைவு   = மதிப்பு − வங்கியில் விழுந்த ரூபாய்
செலவு % = குறைவு ÷ மதிப்பு × 100
```

கடைசியாக வந்த பணத்தின் ரசீதை இப்போதே போனில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பாஸ்புக்கில் விழுந்த தொகையை எடுங்கள். கையில் இருக்க வேண்டியவை மூன்றுதான்: அவர் கட்டியது, உங்களுக்கு விழுந்தது, அந்த நேரத்துக் கூகுள் ரேட். கடை சொன்ன ரேட்டும் ஃபீஸும் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. அவை எதை மறைத்தாலும் கடைசியில் குறைவில் வந்து நிற்கும். இதனால்தான் அனுப்புகிறவரைவிட வாங்குகிற நீங்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் போட முடியும். கடைசியில் விழுந்தது எவ்வளவு என்பது உங்கள் பாஸ்புக்கில்தான் இருக்கிறது.

4. சமமாகும் தொகையைக் கண்டுபிடித்து, அனுப்புகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் வந்த 277 இங்கேதான் கிடைக்கிறது. ஆப்பின் ரேட் கூகுள் ரேட்டைவிட 13 காசு குறைவு, அதாவது 0.2 சதவீதம். கடை ரேட் ஒரு ரூபாய் 30 காசு குறைவு, அதாவது 2 சதவீதம். இரண்டுக்கும் இடைவெளி 1.8 சதவீதம். ஃபீஸ் 5 வெள்ளியை 0.018-ஆல் வகுத்தால் 277 சொச்சம் வரும். உங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு வழிகளுக்கும் இதே மாதிரி ஒரு எண் உண்டு. அது தெரிந்துவிட்டால் மாதாமாதம் கணக்குப் போட வேண்டாம். அந்தத் தொகைக்குக் கீழே என்றால் ஒரு வழி, மேலே என்றால் மற்றது. ஃபீஸையோ மார்ஜினையோ அவர்கள் மாற்றியதாகத் தெரிந்தால் மட்டும் திரும்பப் போடுங்கள்.

சின்னத் தொகைகளுக்கு மூன்றாவதாக ஒரு விலையும் கேட்கச் சொல்லுங்கள். 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யூபிஐயும் இணைந்திருக்கின்றன. அதில் சேர்ந்திருக்கும் வங்கிகளில் அவருக்கும் உங்களுக்கும் கணக்கு இருந்தால் பணம் உடனே வந்துவிடும். ஆனால் சீக்கிரம் வருவதால் மலிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயும் ரேட் போடுவது வங்கிதான். அதற்கும் அதே மூன்று வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

5. பணம் ரூபாயாக வருகிறதா, வெள்ளியாகவே வருகிறதா என்று கேளுங்கள்.

கடையும் ஆப்பும் பெரும்பாலும் அங்கேயே மாற்றி இங்கே ரூபாயாகப் போட்டுவிடும். அவர்கள் சொன்ன தொகை அப்படியே விழும். வங்கிக்குப் போய் டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபரில் வெள்ளியாகவே அனுப்பினால் கதை வேறு. நடுவில் கைமாற்றிவிடும் வங்கி தன் கட்டணத்தை அந்தப் பணத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். மாற்றுவது உங்கள் ஊர் வங்கி, அதன் வாங்கும் ரேட்டில். மாற்றியதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் 1 சதவீதத்தை, அதுவும் குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பாக வைத்து அதன் மேல் 18 சதவீதம் போடுவார்கள். 32,000 ரூபாய்க்கு அது 58 ரூபாய் அளவுதான். பெரிய தொகை இல்லை. கவனிக்க வேண்டியது நடுவில் பிடிப்பதும் வாங்கும் ரேட்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அனுப்பியவர் அங்கே எல்லாக் கட்டணமும் கட்டிவிட்டேன் என்பார், உங்கள் வங்கி காட்டும் வெளிநாட்டுத் தொகையே குறைவாக இருக்கும். வங்கியில் கேட்டு அந்த வரவுச் சீட்டை வாங்குங்கள். எத்தனை வெள்ளி வந்தது, என்ன ரேட்டில் மாற்றினார்கள் என்று இரண்டும் அதில் இருக்கும்.

6. வார நாளில் அனுப்பச் சொல்லுங்கள்.

நாணயச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். திங்கட்கிழமை எந்த விலையில் திறக்கும் என்று தெரியாததால், அந்த இரண்டு நாளும் கொஞ்சம் தள்ளி, தனக்குப் பாதுகாப்பாக ரேட் வைக்கிற நிறுவனங்கள் உண்டு. பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்களுக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் தேக்காவில் வரிசை நிற்கிறது. போன் வழியாக அனுப்ப முடிகிறவர் செவ்வாய், புதனில் அனுப்பட்டும். ஒரு ஞாயிறும் ஒரு புதனும் விலை பார்த்து, இரண்டையும் சதவீதமாகப் போட்டால் உங்கள் நிறுவனம் அந்த ரகமா என்று தெரிந்துவிடும்.

7. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் பணம் அனுப்பும் தொழிலுக்கு அந்நாட்டு நாணய ஆணையமான மாஸ் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த பணம் செலுத்தும் சேவைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மாஸ் இணையதளத்தில் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தட்டினால் போதும். கடைப் பெயரும் லைசென்ஸில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கலாம் என்பதால், ரசீதில் அச்சாகியிருக்கும் கம்பெனிப் பெயரைத் தேடுங்கள். ரசீதே தராத இடமென்றால் தேடவே வேண்டாம்.

செய்யக்கூடாதவை

1. ஃபீஸை மட்டும் வைத்துச் சதவீதம் சொல்லாதீர்கள்.

500-க்கு 5 என்றால் 1 சதவீதம், 0 என்றால் 0 சதவீதம் என்றுதான் மனசு கணக்குப் போடும். கடிதத்தில் இருக்கும் கடையும் ஆப்பும் இந்தக் கணக்கில் தலைகீழாகிவிடுகின்றன. ‘ஃபீஸ் இல்லை’ என்பது பொய் இல்லை. வாடகையும் சம்பளமும் எங்கிருந்தோ வர வேண்டும், அது ரேட்டிலிருந்து வருகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விழும் ரூபாயை மட்டும் கேளுங்கள்.

2. பிரித்துப் பிரித்து அனுப்பச் சொல்லாதீர்கள்.

‘கையில் மொத்தமாக இருந்தால் செலவாகிவிடும், வாரா வாரம் அனுப்பு’ என்று கேட்கும் வீடுகள் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் விலை என்ன என்று பாருங்கள். 500 வெள்ளியை 125 வீதம் நான்கு தடவை ஆப்பில் அனுப்பினால் நான்கு தடவை 5 வெள்ளி போகும். ஒவ்வொரு தடவையும் 120-தான் மாறும். மொத்தம் விழுவது 31,137 ரூபாய். 1.2 சதவீதமாக இருந்த செலவு 4.2 சதவீதம் ஆகிவிட்டது. கடையைவிட மோசம். ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு, இங்கே உங்கள் வங்கியில் வாரா வாரம் இன்னொரு கணக்குக்கு மாற்றும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கவுன்டரில் ரொக்கமாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் எம்டிஎஸ்எஸ் திட்டத்தின் கீழ் வரும் பணத்தை ஒருவர் ஒரு காலண்டர் ஆண்டில் 30 தடவைதான் வாங்க முடியும். ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர மாட்டார்கள், கணக்கிலோ காசோலையாகவோதான் கிடைக்கும். வாரா வாரம் வாங்கினால் வருஷம் முடிவதற்கு முன்பே அந்த 30 தீர்ந்துவிடும். அப்புறம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக அனுப்பினாலும் அந்தக் கவுன்டரில் உங்கள் பெயருக்கு வாங்க முடியாது.

3. முதல் தடவைக்குக் கொடுத்த ரேட்டை வைத்து இடத்தை மாற்றாதீர்கள்.

புது ஆளை இழுக்க முதல் தடவை மட்டும் கூகுள் ரேட்டைவிடக் கூடவே கொடுப்பார்கள். செலவுச் சதவீதம் மைனஸில் வருகிறதென்றால் அது சலுகை ரேட். எந்த நிறுவனமும் மாதாமாதம் கைக்காசைப் போட்டு உங்களுக்குப் பணம் அனுப்பாது. சலுகையைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதே தொகைக்கு இரண்டாவது தடவை என்ன ரேட் காட்டுகிறது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

4. ரேட் ஏறட்டும் என்று பணத்தைப் பிடித்து வைக்கச் சொல்லாதீர்கள்.

ரேட் 10 காசு ஏறினால் 500 வெள்ளிக்குக் கிடைப்பது 50 ரூபாய். சித்தி மகன் இடத்தை மாற்றியதில் கிடைத்தது 260 ரூபாய். அந்த 260-ஐக் கடையிலேயே இருந்துகொண்டு எடுக்க வேண்டுமானால் ரேட் 52 காசு ஏற வேண்டும். ஏறலாம், இறங்கவும் செய்யலாம், உங்கள் கையில் இல்லை. எங்கே அனுப்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கல்லூரி ஃபீஸுக்குக் கடைசித் தேதி இருக்கும் வீட்டில் ரேட் பார்த்துக் காத்திருந்து, அபராதம் கட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காத்திருந்து கிடைத்ததைவிட அபராதம் பெரிது.

5. கிரெடிட் கார்டில் கட்ட விடாதீர்கள்.

பல கார்டுகளில் இது கடையில் பொருள் வாங்கியதாகப் பதிவாகாது, ரொக்கம் எடுத்ததாகப் பதிவாகும். அதற்குத் தனிக் கட்டணம், வட்டியும் அன்றைக்கே ஆரம்பிக்கும். இது அனுப்பும் நிறுவனத்தின் ரசீதில் வராது, அடுத்த மாதக் கார்டு பில்லில் வரும். உங்கள் மூன்று வரிக் கணக்கில் சிக்காத செலவு இது ஒன்றுதான். வங்கிக் கணக்கிலிருந்தே கட்டச் சொல்லுங்கள்.

6. கூகுள் ரேட்டைவிட அதிகம் தருகிறேன் என்கிற உண்டியலில் கொடுக்க விடாதீர்கள்.

‘வெள்ளிக்கு 66 தருகிறேன், ரசீது இல்லை, சாயங்காலம் வீட்டுக்கே பணம் வரும்’ என்பார்கள். நம் கணக்கில் செலவு மைனஸ் ஒன்றரை சதவீதம். சலுகை கொடுக்க அது விளம்பரம் செய்யும் கம்பெனியும் இல்லை. அப்படியானால் அந்தப் பணம் எங்கிருந்தோ வருகிறது, அது எங்கிருந்து என்று உங்களுக்குத் தெரியாது. இந்தியாவில் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் கீழ் இது விதிமீறல். சம்பந்தப்பட்ட தொகையில் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம்.

அதைவிடச் சீக்கிரமாக வரும் தொல்லை வேறு. இப்போது உண்டியல் பணம் ரொக்கமாக மட்டும் வருவதில்லை, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கும் வருகிறது. அந்தப் பணம் ஆன்லைன் மோசடியில் யாரோ இழந்ததாக இருந்தால், அவர் 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்ததும் பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாக முடக்குவார்கள். அதில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கும். வேறு மாநிலத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்கள் விளக்கம் அனுப்ப வேண்டியிருக்கும். அதுவரை உங்கள் சொந்தப் பணத்தைக்கூட எடுக்க முடியாமல் போகலாம்.

இந்த ஆபத்து நம் ஊருக்கு மட்டுமானதும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து சீனாவுக்கு அனுப்பிய பணம் இடைத்தரகர்களின் வழியாகப் போய், வாங்கியவர்களின் கணக்குகள் அங்கே முடங்கின. அதன் பிறகு 2024 ஜனவரி 1 முதல் வங்கி, கார்டு நிறுவனம் அல்லாத வழிகளில் சீனாவுக்கு அனுப்புவதை மாஸ் நிறுத்தி வைத்தது. லைசென்ஸ் உள்ள கம்பெனிகளில் கொடுத்த பணத்துக்கே அப்படி நடந்தது.

உங்கள் பாஸ்புக்கில் அனுப்பியவர் பெயர் என்ன வந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். நிறுவனத்தின் பெயரோ அதன் வங்கியின் பெயரோ இருந்தால் சரி. முன்பின் தெரியாத தனி ஆள் பெயர் இருந்தால் அன்றைக்கே அனுப்பியவரிடம் கேளுங்கள், அந்த வழியை நிறுத்தச் சொல்லுங்கள்.

7. சொந்தம்தானே என்று அண்ணன் தம்பி முறைக்காரர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள்.

அனுப்பும் செலவில் ஒரு சதவீதத்தை மிச்சம் பிடித்துவிட்டு இங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் ‘உறவினர்’ பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். இவர்கள் அன்பளிப்பாகக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் சித்தி பட்டியலில் இருக்கிறார், சித்தி மகன் இல்லை. பெரியப்பா மகன், மாமா மகள், அத்தை மகன் யாரும் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. உங்கள் கல்யாணத்துக்கு வரும் மொய்க்கு மட்டும் விலக்கு.

சித்தி மகன் தன் அம்மாவின் செலவுக்காக உங்கள் கணக்கில் போட்டு, நீங்கள் எடுத்துக் கொடுத்திருந்தால் அது உங்களுக்கு வந்த அன்பளிப்பு இல்லை. ஆனால் வங்கிக் கணக்கைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். வயதானவரால் வங்கிக்குப் போக முடியாது என்பதால்தான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு. சித்தி பெயரில் இருக்கும் கணக்கில் உங்களைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். இருவரின் ஆதாரும் பான் கார்டும் போட்டோவும் கேட்பார்கள். கணக்கு எண் மாறாது என்பதால் சிங்கப்பூரில் பதிந்து வைத்திருக்கும் விவரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பணம் மகனிடமிருந்து அம்மாவுக்கு நேராக வரும், எடுக்கப் போவது நீங்களாக இருக்கலாம்.